விண்ணப்பக் கடிதத்தில் உடல்நிலை: எதைச் சொல்வது, எப்போது சொல்வது

அமெரிக்காவில் கணக்காளர் வேலைக்கு வெளியான விளம்பரங்களுக்கு 6,016 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அனுப்பியவர்கள் வேலை தேடியவர்கள் அல்லர். ரட்கர்ஸ், சிரகியூஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மேசன் அமீரி, லிசா ஷூர் முதலிய ஆய்வாளர்கள். விண்ணப்பதாரர்கள் கற்பனை மனிதர்கள். அவர்களுடைய படிப்பும் அனுபவமும் கேட்கப்பட்ட தகுதிக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருந்தன. மாறியது விண்ணப்பக் கடிதத்தின் ஒரு பகுதி மட்டுமே. சில கடிதங்களில் தண்டுவடக் காயம் குறிப்பிடப்பட்டது. சிலவற்றில் ஆட்டிசம் வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலை குறிப்பிடப்பட்டது. மற்றவற்றில் உடல்நிலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவ்விரு நிலைகளை ஆய்வாளர்கள் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: கணக்கு எழுதும் வேலையின் தரத்தை இவை குறைக்கும் என்று சொல்ல இடமில்லை.

குறைபாட்டைச் சொன்ன கடிதங்களுக்கு நிறுவனங்கள் காட்டிய ஆர்வம் 26 விழுக்காடு குறைந்தது. நூறு கடிதங்களுக்கு எட்டு அழைப்பு வரவேண்டிய ஒருவருக்கு ஆறுதான் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். தண்டுவடக் காயமா, ஆஸ்பெர்கர் நிலையா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. அனுபவம் கூடியவர்களுக்குத்தான் இழப்பு அதிகமாக இருந்தது. நல்ல அனுபவம் இருந்தால் குறைபாட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பரவலான நம்பிக்கைக்கு இது நேர் எதிரானது. இழப்பு முக்கியமாகக் குவிந்த இடம், 15 பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் சிறு தனியார் நிறுவனங்கள். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பாகுபாட்டுத் தடை அந்த அளவு சிறிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதில்லை.

இந்த ஆய்வை முன்னால் வைப்பதற்குக் காரணம், உடல்நிலையைக் கடிதத்தில் சொல்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு நம் ஊரில் கிடைக்கும் பதில்கள் இரண்டே இரண்டு. வீட்டில் உள்ளவர்கள், "சொல்லிவிடாதே, கூப்பிடவே மாட்டார்கள்" என்பார்கள். ஆசிரியரோ நலம்விரும்பியோ, "மறைக்காதே, பின்னால் தெரிந்தால் அசிங்கம்" என்பார். முதலாவது பயத்திலிருந்து வருவது, இரண்டாவது நேர்மையிலிருந்து வருவது. பயத்துக்கு அடிப்படை உண்டு என்பதை ஆய்வு காட்டுகிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் வேறு வகையில் இழக்கும் இடங்களும் உண்டு. நேர்மையைப் பொறுத்தவரை, வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தன் மருத்துவக் கோப்பைத் திறந்து காட்டக் கடமைப்பட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சர்க்கரை நோயோ மூலமோ உள்ளவர் அதைக் கடிதத்தில் எழுதுவதில்லை. அவரை யாரும் நேர்மையற்றவர் என்பதுமில்லை.

என் கருத்தில், கடிதத்தைப் படிப்பவர் அந்த வரியால் ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கிறதா என்பதைக் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். ஒதுக்கீட்டில் பெயரைச் சேர்ப்பது, தேர்வுக்கு ஏற்பாடு செய்வது, தொடர்புகொள்ளும் முறையை மாற்றுவது போன்ற செயல் ஒன்று தேவைப்பட்டால் சொல்ல வேண்டும். தேவைப்படாவிட்டால் அந்த வரி வாசிப்பவரின் கற்பனைக்குத் தீனி போடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. அந்தக் கற்பனையைத் திருத்த விண்ணப்பதாரர் அங்கே நேரில் இல்லை.

அரசு வேலையில் இந்தக் கேள்விக்கு விடை எளிது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, ஏப்ரல் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு நிறுவனங்களின் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காட்டை ஒதுக்கச் சொல்கிறது. இங்கே விண்ணப்பத்தில் சொல்வதே உரிமையைக் கோருவது. விண்ணப்பிக்கும்போது குறிக்காமல் விட்ட பிரிவைப் பிறகு சேர்க்கச் சொன்னால் தேர்வாணையங்கள் பொதுவாக ஏற்பதில்லை. இரண்டு இடங்களில் விண்ணப்பதாரர்கள் வழக்கமாகத் தடுமாறுகிறார்கள். ஒன்று, சட்டத்தின் வரையறை எங்கே தொடங்குகிறது என்பது. இரண்டு காதுகளிலும் பேச்சு அலைவரிசையில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர் என்று அட்டவணை ஏற்கும். 50 டெசிபல் இழப்பு உள்ளவர் அன்றாடம் அல்லல்படலாம், ஆனாலும் ஒதுக்கீட்டுக்குள் வரமாட்டார். எனவே சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே கட்டத்தை நிரப்ப வேண்டும். தவறான வழியில் இந்தச் சலுகையைப் பெற்றால் அதே சட்டத்தில் சிறைத்தண்டனைக்கும் அபராதத்துக்கும் இடமுண்டு.

இரண்டாவது தடுமாற்றம் இதற்கு நேர்மாறானது. 40 விழுக்காடு இல்லை என்றால் எதையும் கேட்க முடியாது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எழுதும்போது கை இறுகிப்போகும் நரம்பியல் நிலை கொண்ட ஒருவர், குடிமைப்பணித் தேர்வில் தாம் சொல்லச் சொல்ல எழுதித்தர ஆள் கேட்டார். வரையறுத்த விழுக்காட்டை அவர் எட்டவில்லை என்று மறுத்துவிட்டார்கள். விகாஷ் குமார் வழக்கு என அறியப்படும் அதில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒதுக்கீட்டுக்கான விழுக்காடு வேறு, தேர்வை எழுதத் தேவையான ஏற்பாடு வேறு என்று தீர்ப்பு பிரித்துக் காட்டியது. எழுதுவதில் சிரமம் உள்ள, 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடு கொண்டவர்களுக்கான வழிமுறைகளை ஒன்றிய அரசு 2022இல் வெளியிட்டது. ஆகவே ஒதுக்கீட்டுக் கட்டத்தில் 'இல்லை' என்று குறிக்கும் ஒருவர், தேர்வு ஏற்பாட்டுக்கான இடத்தில் தம் தேவையை எழுதலாம், எழுதவும் வேண்டும். படிவத்தில் அதற்கென்று இடம் இல்லாவிட்டால் தனிக் கடிதமாக, மருத்துவச் சான்றோடு, தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே அனுப்ப வேண்டும். தேர்வு நாளன்று கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்பதில் பயனில்லை. அவருக்கு அந்த அதிகாரம் இருக்காது.

சிக்கல் தனியார் துறையில்தான். அங்கே கட்டாய ஒதுக்கீடு இல்லை. பணியாளர்களில் 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க முதலாளிகளுக்கு ஊக்கத்தொகை தரலாம் என்று சட்டம் அரசுகளுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். இதை நம்பி, "என்னை எடுத்தால் உங்களுக்கு அரசு உதவி கிடைக்கும்" என்று கடிதத்தில் எழுதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெல்ஜியத்தில் ஸ்டீன் பார்ட் என்ற பொருளியலாளர் இதையே சோதித்தார். ஊதிய மானியம் உண்டு என்பதைக் குறிப்பிட்ட கடிதங்களுக்கும் குறிப்பிடாத கடிதங்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. குறைபாட்டைச் சொன்னவர்களுக்கு நல்ல பதில் கிடைக்கும் வாய்ப்பு, சொல்லாதவர்களைவிட ஏறத்தாழ பாதியாகவே இருந்தது. அரசு உதவி பற்றிய அந்த வரியை விட்டுவிடலாம்.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன்பு உடல்நலம் பற்றிக் கேட்க முடியாது. அமெரிக்காவிலும் அப்படியே. நம் சட்டத்தில் அப்படியொரு தடை இல்லை. ஆனால் நமக்கு உதவும் ஒரு விதி இருக்கிறது, அதை அறிந்தவர்கள் குறைவு. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். இணையதளத்தில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வளாகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமாக இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என அடையாளம் கண்ட பணிகளின் பட்டியலும், அவர்களின் வேலைச்சேர்ப்பைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் ஒருவரும் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். கடிதம் எழுத உட்காரும் முன் இந்தக் கொள்கையைத் தேடிப் பார்ப்பது அரைமணி நேர வேலை. இருந்தால், இந்த விஷயத்தை ஏற்கெனவே யோசித்த ஒருவராவது அங்கே இருக்கிறார் என்று பொருள். இல்லாவிட்டால், நம் கடிதமே அவர்களுக்கு முதல் அனுபவமாக இருக்கக்கூடும்.

இனி ஒருவரின் நிலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கும் ஒரு பெண். பி.காம். படித்தவர். டேலியில் பதிவது, மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்வது, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது அவருடைய வேலை. இரண்டு காதுகளிலும் 65 டெசிபல் இழப்பு. காதுக்கருவி போட்டுக்கொண்டு, உதட்டசைவையும் பார்த்து, நேரில் நன்றாக உரையாடுவார். போனில் மட்டும் முடியாது. கோவையில் ஒரு பெரிய இயந்திர உற்பத்தி நிறுவனத்தில் மூத்த கணக்காளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்.

அவர் முதலில் எழுதக்கூடிய வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "எனக்குச் சிறு வயதிலிருந்தே இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. இருந்தாலும் மற்றவர்களைவிடக் கடினமாக உழைப்பேன். தயவுகூர்ந்து எனக்கு ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." கடிதத்தின் முதல் பத்தியே இதுவாகிவிடுகிறது. ஜிஎஸ்டி பற்றிப் படிப்பதற்குள் வாசிப்பவர் காது பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். உழைப்பேன் என்ற உறுதிமொழிக்குச் சான்று எதுவும் இல்லை. யாரும் அப்படிச் சொல்லலாம். கடைசி வாக்கியமோ ஆறாண்டு அனுபவமுள்ள கணக்காளரை உதவி கேட்டு நிற்பவராக்கிவிடுகிறது. இத்தனைக்கும் அவரை எப்படித் தொடர்புகொள்வது என்ற ஒரே நடைமுறைச் செய்தி இதில் இல்லை.

அடுத்து, எதுவுமே சொல்லாத வரைவு. வேலை அனுபவம் மட்டும். ரெஸ்யூமின் தலைப்பில் செல்பேசி எண். கடிதம் நன்றாக இருக்கிறது, எச்.ஆர். பிரிவில் ஒருவர் எடுத்து வைக்கிறார். பிறகு என்ன செய்வார்? போன் போடுவார். நம் ஊரில் முதல் வடிகட்டல் போனில்தான் நடக்கிறது: எவ்வளவு சம்பளம் வாங்குகிறீர்கள், எத்தனை நாளில் சேர முடியும் என்று ஐந்து நிமிடம். அந்தப் பெண் போனை எடுத்தால் பாதி கேள்வி விளங்காது, பதில் பொருந்தாது. எடுக்காவிட்டால் இரண்டு முறை முயன்றுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'பதில் இல்லை' என்றோ 'பேச்சுத்திறன் போதாது' என்றோ குறிப்பு விழும். குறைபாடு காரணமாகத் தள்ளப்பட்டோம் என்பது அவருக்குத் தெரியவே வராது. பத்துப் பதினைந்து இடங்களுக்கு விண்ணப்பித்து, ஒருமுறை மணியடித்ததோடு எல்லாம் நின்றுபோகிறது என்றால், தடங்கல் கடிதத்தில் இல்லை, போனில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே அவருடைய நிலையில் வாசிப்பவர் செய்யவேண்டிய செயல் ஒன்று தெளிவாக இருக்கிறது: போனுக்குப் பதிலாக எழுத்தில் தொடர்புகொள்வது. கடிதத்தின் முதல் இரண்டு பத்திகள் முழுக்க வேலையைப் பற்றியவை. எத்தனை ஜிஎஸ்டி பதிவுகளைக் கையாண்டார், தணிக்கைக்கு எந்தக் கோப்புகளைத் தாமே தயாரித்தார் என்பதெல்லாம் அங்கே. மூன்றாவதும் கடைசியுமான பத்தி இது: "எனக்குச் செவித்திறன் குறைபாடு உண்டு. நேரிலும் வீடியோ அழைப்பிலும் இயல்பாக உரையாடுவேன். தொலைபேசி அழைப்புக்குப் பதிலாக வாட்ஸ்ஆப் செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பினால் அன்றே பதில் தருவேன். தற்போதைய பணியில் தணிக்கையாளரோடும் வங்கியோடும் ஆறு ஆண்டுகளாக இந்த முறையில்தான் தொடர்பில் இருக்கிறேன்."

நோயின் பெயர், காரணம், டெசிபல் எண்ணிக்கை, அறுவை சிகிச்சை வரலாறு எதுவும் இதில் இல்லை. வாசிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதும், அப்படிச் செய்தால் வேலை நடக்கும் என்பதற்கு நடந்துகொண்டிருக்கும் சான்றும் மட்டும் இருக்கின்றன. கடைசி வாக்கியத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். வாசிப்பவர் மனத்தில் எழும் கேள்வி இரக்கத்தைப் பற்றியது அன்று. விற்பனையாளர் போன் செய்தால் யார் எடுப்பது என்ற நடைமுறைக் கேள்விதான் எழும். அதற்கு அந்த வாக்கியத்தில் விடை இருக்கிறது. ரெஸ்யூமிலும் செல்பேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'வாட்ஸ்ஆப், குறுஞ்செய்தி மட்டும்' என்று போட வேண்டும். கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு ரெஸ்யூமை மட்டும் பார்த்து எண்ணை அழுத்துபவர்களே அதிகம். வேலைவாய்ப்புத் தளங்களில் எண்ணோடு இப்படிக் குறிப்பு சேர்க்க இடம் இல்லாவிட்டால், சுயவிவரச் சுருக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது: காரணத்தைச் சொல்லாமல், 'வாட்ஸ்ஆப்பிலோ மின்னஞ்சலிலோ தொடர்புகொள்ளவும்' என்று மட்டும் எழுதுவது. 20 பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு, சம வாய்ப்புக் கொள்கையின் அடையாளமே தெரியாத இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது நான் இதையே பரிந்துரைப்பேன். அமெரிக்க ஆய்வில் இழப்பு குவிந்தது சிறு நிறுவனங்களில்தான். இதில் ஆபத்தும் உண்டு. காரணம் தெரியாதவர் ஒருமுறை போன் செய்து பார்ப்பார். அழைப்பை ஏற்காமல், உடனே "அழைத்ததற்கு நன்றி, விவரங்களை இங்கே எழுதினால் இப்போதே பதில் தருகிறேன்" என்று செய்தி அனுப்பும் ஆயத்தம் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். கோவையின் பெரிய நிறுவனத்துக்கு இவ்வளவு சுற்றிப் போகத் தேவையில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அட்டையின் நகலை முதல் கடிதத்தோடு இணைக்கக் கூடாது. தனியார் நிறுவனத்துக்கு அந்தக் கட்டத்தில் அதனால் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. நகல் யார் கைக்கெல்லாம் போகும் என்பதும் தெரியாது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. கேள்வி கேட்பவர் தம் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்வது, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவது, வீடியோ என்றால் எழுத்துவரி வசதியை இயக்கிவிடுவது ஆகிய வேண்டுகோள்களை நேர்காணலை உறுதிசெய்யும் பதில் மடலில் இரண்டு வரியில் எழுதலாம். கடிதத்தில் இவற்றை அடுக்கினால் சுமையாகத் தெரியும். நாள் குறித்த பிறகு எழுதினால் ஏற்பாட்டுக் குறிப்பாகிவிடும். நேரில் பேசும்போது, கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டைப் பற்றி நேர்காணலின் தொடக்கத்திலேயே சொல்பவர்களை, கடைசியில் சொல்பவர்களைவிட மதிப்பீட்டாளர்கள் சாதகமாகப் பார்த்ததாக மிஷல் ஹெபலும் ஜீனின் ஸ்கொரிங்கோவும் 2005இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. காகிதத்தில் இழப்பைத் தரும் அதே செய்தி, நேரில் முன்கூட்டியே சொன்னால் உதவக்கூடும். அங்கே வாசிப்பவரின் கற்பனைக்கு வேலை இல்லை, ஆளே எதிரில் இருக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத நிலைகள் பலவற்றுக்கு முதல் கடிதத்தில் இடமே தேவையில்லை. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் வலிப்பு, மனச்சோர்வு, தைராய்டு ஆகியவற்றால் மேசை வேலையில் வாசிப்பவர் செய்யவேண்டியது எதுவுமில்லை. எச்.ஐ.வி. தொற்றைப் பொறுத்தவரை 2017ஆம் ஆண்டுச் சட்டமே பாதுகாப்பளிக்கிறது: வேலைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக் கூடாது. நீதிமன்ற ஆணை இல்லாமல், தம் நிலையை வெளியிடும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. வேலையின் தன்மை மாறினால் கணக்கும் மாறும். ஓட்டுநர் உரிமத்துக்கான சுய அறிவிப்புப் படிவம் வலிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறது. அந்த நிலை உள்ளவர் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொல்வதா வேண்டாமா என்று யோசிக்க இடமில்லை. சாலையில் போகும் மற்றவர்களின் உயிரும் அதில் இருக்கிறது.

சிகிச்சைக்காக வேலையை விட்டு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வீட்டில் இருந்தவர்களின் சிக்கல் வேறு வகை. அவர்கள் எதையும் சொல்லாவிட்டாலும் ரெஸ்யூமில் இடைவெளி தெரியும். வாசிப்பவர் அதைத் தாமே நிரப்பிக்கொள்வார். வேலையிலிருந்து நீக்கப்பட்டாரோ என்று நினைப்பது அவருக்கு எளிது. இங்கே ஒரு வரி தேவை: "2022 ஜூன் முதல் 2023 ஆகஸ்ட் வரை மருத்துவக் காரணத்துக்காக விடுப்பில் இருந்தேன், இப்போது முழுநேரப் பணிக்கு மருத்துவர் தகுதிச் சான்று அளித்துள்ளார்." புற்றுநோய் என்றோ மனநல சிகிச்சை என்றோ எழுத வேண்டியதில்லை. இடைவெளியின் முடிவுத் தேதியும் இன்றைய நிலையும் இருந்தால் போதும். அந்தக் காலத்தின் கடைசி மாதங்களில் ஒரு சான்றிதழ்ப் படிப்போ பகுதிநேர வேலையோ செய்திருந்தால், அதை உடனே அடுத்த வாக்கியமாக வைக்கலாம்.

இவை எல்லாம் நாமாகச் சொல்வதைப் பற்றியவை. நேரடியாகக் கேட்கப்படும்போது விதி வேறு. கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விடுவது பொய் அன்று. ஆனால் சேரும்போது தரும் மருத்துவப் படிவத்தில் 'இந்த நோய் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவது பொய் அறிவிப்பு. பிறகு தெரியவந்தால் நோயைக் காரணம் காட்டத் தேவையே இல்லாமல், பொய் அறிவிப்பைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்க அது நிறுவனத்துக்கு வழி செய்யும். படிவத்தின் கேள்வி வேலைக்குத் தொடர்பில்லாததாகத் தோன்றினால், அந்த இடத்தில் 'நிறுவன மருத்துவரிடம் நேரில் தெரிவிக்கிறேன்' என்று எழுதிவிட்டு அப்படியே தெரிவிப்பது பாதுகாப்பானது. திருப்பூர்ப் பெண்ணுக்குப் பணி ஆணை வந்துவிட்டால், சேர்வதற்கு முன்பே தொடர்பு அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும்: மேசைப் போனுக்குப் பதிலாக எழுத்து வழித் தொடர்பு, கூட்டங்களுக்கு எழுத்துவரி, தீ எச்சரிக்கை மணியோடு கண்ணுக்குத் தெரியும் விளக்கு. யு.டி.ஐ.டி. அட்டையின் நகலை இணைக்க வேண்டிய இடம் அந்த மின்னஞ்சல்தான்.